மூவாயிரம் ரூபாய்க்கு வாங்கிய இரண்டு பக்கமும் நானே எழுதிய ஒன்றரைப் பக்கமும்

நர்சிங் கல்லூரியில் டியூட்டராக இருந்துகொண்டு லெக்சரர் வேலைக்கு விண்ணப்பிக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், எனக்குப் போன ஏழு மாதம் அவர்களுக்குப் போகாமல் இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். ஆறு வருடம் வார்டில் ஸ்டாஃப் நர்ஸ், அப்புறம் எம்.எஸ்சி., அதன்பின் நான்கு வருடம் டியூட்டர் வேலை. வகுப்பு எடுப்பதை விட மாணவிகளோடு வார்டில் நின்றதுதான் அதிகம். ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தின் நர்சிங் கல்லூரி லெக்சரர் வேலைக்கு விளம்பரம் வந்தது. சான்றிதழ்கள், பயோடேட்டா எல்லாம் வழக்கம்போலத்தான். கடைசி வரியில் மட்டும் 'டீச்சிங் ஃபிலாசஃபி ஸ்டேட்மெண்ட், இரண்டு பக்கத்துக்கு மிகாமல்' என்று இருந்தது. எதை நம்பி, எப்படிக் கற்பிக்கிறேன் என்று நானே எழுதித் தர வேண்டும். நான் அதுவரை அப்படி ஒன்றைக் கண்ணால் பார்த்ததில்லை. கூட வேலை செய்தவர்களைக் கேட்டேன், அவர்களும் பார்த்ததில்லை. கடைசித் தேதிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவள் நான். ஆங்கிலத்தில் கேஸ் ஷீட் எழுதுவேன், பாடம் எடுப்பேன், ஆனால் 'உன் கொள்கை என்ன' என்று கேட்டால் ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் எழுத முடியும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. அந்தப் பயத்தில்தான் வெளிநாட்டுப் படிப்புக்கு விண்ணப்பக் கடிதம் எழுதிக் கொடுக்கிற ஒருவரிடம் போனேன். மூவாயிரம் ரூபாய். திருத்தத்துக்கு மேலும் எண்ணூறு. நான்கு நாளில் வந்தது. படிக்க அவ்வளவு அழகாக இருந்தது. நைட்டிங்கேல் விளக்கோடு தொடங்கி, வயது வந்தோர் கற்கும் முறை பற்றிய நோல்ஸின் கோட்பாடு, புளூமின் வகைப்பாடு, ஒரு நர்ஸ் திறமையில் படிப்படியாக வளர்வதைச் சொல்லும் பென்னரின் படிநிலைகள் என்று போய், 'என் மாணவர்கள் நான்காண்டு முடிவில் பென்னர் சொன்ன எக்ஸ்பர்ட் நிலையை அடைந்து வெளியேறுவார்கள்' என்று முடிந்தது. அந்த வரியை நான் மூன்று முறை படித்தேன். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பென்னரை எம்.எஸ்சி.யில் படித்திருந்தும் அதில் என்ன தப்பு என்று எனக்கு உறைக்கவில்லை.

நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. இரண்டு நாள் சம்பளமில்லா விடுப்பு, பஸ்ஸும் லாட்ஜும் சேர்த்து ஆயிரத்து நானூறு. உள்ளே நான்கு பேர் இருந்தார்கள். ஓரத்தில் உட்கார்ந்திருந்த மூத்த பேராசிரியை என் ஸ்டேட்மெண்டைக் கையில் வைத்துக்கொண்டு, மிகச் சாதாரணமாகத்தான் கேட்டார்: "இறுதியாண்டு மாணவி பென்னரோட அஞ்சு படியில எங்க நிக்கறாங்க?" நான் எழுதியிருந்ததையே திருப்பிச் சொன்னேன். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "புதுசா வேலைக்குச் சேர்ற நர்ஸே ரெண்டாவது படிதானே மா" என்றார். உண்மைதான். 1984-இல் பென்னர் எழுதியதில் மாணவி முதல் படியான நாவிஸ். படித்து முடித்து வேலையில் சேர்கிறவர் அட்வான்ஸ்டு பிகினர். ஒரே மாதிரியான பிரிவில் இரண்டு மூன்று வருடம் வேலை செய்த பிறகுதான் மூன்றாவது படியான காம்பிடென்ட். எக்ஸ்பர்ட் என்பது அதற்கும் மேலே இரண்டு படி தாண்டி. நான் கையெழுத்துப் போட்ட காகிதம், கல்லூரியே அவர்களை அங்கே கொண்டுபோய் நிறுத்திவிடும் என்று சொல்லியது. அடுத்த கேள்வி இன்னும் எளிது: "மாணவர் மையக் கற்றல்னு எழுதியிருக்கீங்க. போன வாரம் வார்டுல அதுக்காக என்ன செஞ்சீங்க?" எனக்கு வாய் உலர்ந்துவிட்டது. செய்யாமல் இல்லை. தினமும் ஏதோ செய்துகொண்டுதான் இருந்தேன். ஆனால் அந்தக் காகிதத்தில் இருந்த சொற்களுக்கும் நான் செய்ததற்கும் நடுவில் ஒரு பாலமும் இல்லை. பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து அழுதேன். வீட்டில் 'நல்லா பண்ணினேன்' என்று சொல்லிவிட்டேன். வேலை கிடைக்கவில்லை. அடுத்த விளம்பரம் வர ஏழு மாதம் ஆனது.

இங்கே முதலில் சொல்ல வேண்டியது, ஸ்டேட்மெண்டை அவர்கள் மொழி அழகுக்காகப் படிப்பதில்லை. நேர்காணலில் கேள்வி கேட்பதற்கான தாளாகப் படிக்கிறார்கள். நீங்கள் எழுதுகிற ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பின்னால் 'எப்படி?', 'எப்போது?' என்று ஒரு கேள்வியைப் போட்டுப் பாருங்கள். பதிலாக ஒரு நாள், ஒரு வார்டு, ஒரு மாணவி உங்கள் கண்முன் வரவில்லை என்றால் அந்த வாக்கியத்தை எடுத்துவிடுங்கள். என்னுடைய மூவாயிரம் ரூபாய்ப் பக்கங்களை அப்படிச் சலித்திருந்தால் என் பெயரும் தகுதியும்தான் மிஞ்சியிருக்கும்.

இரண்டாவது தவறு நானே செய்தது. இந்த முறை யாரிடமும் கொடுக்க மாட்டேன் என்று உட்கார்ந்து மூன்று பக்கம் எழுதினேன். ஐ.சி.யூ.வில் ஒரு இரவு, பிழைக்க மாட்டார் என்று சொன்ன ஒருவர் பிழைத்தது, அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டது, அதனால் நான் ஆசிரியராக வந்தது. எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. எம்.எஸ்சி.யில் எனக்கு வழிகாட்டியாக இருந்த மேடத்துக்கு அனுப்பினேன். ஓய்வு பெற்றுவிட்டார், ஆனாலும் அன்று ராத்திரியே கூப்பிட்டார். "இது ஒரு நல்ல நர்ஸோட கதை. இதுல ஒரு மாணவிகூட இல்லையே மா" என்றார். வார்டிலிருந்து ஆசிரியப் பணிக்கு வருகிற நாம் எல்லாரும் விழுகிற குழி இது என்று நினைக்கிறேன். நாம் நோயாளியை எப்படிப் பார்த்துக்கொண்டோம் என்பதையே, நாம் எப்படிக் கற்பிக்கிறோம் என்பதற்குச் சான்றாகக் காட்டுகிறோம். இரண்டும் வேறு வேலை. பிறகு மேடம் ஒன்று சொன்னார், அதுதான் என்னைத் திருப்பியது: "உன் மாணவி தப்பு பண்ணின ஒரு நாளை எழுது. அந்தத் தப்புல உன் பங்கு என்னன்னு எழுது. அதுக்கப்புறம் நீ எதை மாத்தினியோ, அதுதான் உன் ஃபிலாசஃபி."

எனக்கு உடனே நினைவுக்கு வந்தது ஒரு ட்ரிப். இரண்டாம் ஆண்டு மாணவி. அறுவைசிகிச்சை முடிந்த மறுநாள் ஒரு அம்மாவுக்கு 500 மில்லி திரவம் நான்கு மணி நேரத்தில் போக வேண்டும். நிமிடத்துக்கு எத்தனை சொட்டு என்று கணக்குப் போடச் சொன்னேன். வகுப்பில் கணக்கில் எப்போதும் முழு மதிப்பெண் வாங்குகிற பெண் அவள். 500-ஐ 15-ஆல் பெருக்கி, 240 நிமிடத்தால் வகுத்து, 31 சொட்டு என்று துண்டுச்சீட்டில் எழுதிக் காட்டினாள். நான் பார்த்து 'டிக்' போட்டேன். அவள் மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரம் பார்த்து, பொறுமையாக எண்ணி, ட்ரிப் குழாயில் வேகத்தை மாற்றுகிற ரோலரை நகர்த்தி 31-இல் நிறுத்தினாள். ஒரு மணி நேரம் கழித்து வார்டு இன்சார்ஜ் சிஸ்டர்தான் கவனித்தார். 125 மில்லி போயிருக்க வேண்டும், ஏறக்குறைய 90 தான் போயிருந்தது. ட்ரிப் குழாய் செட்டின் உறையைக் குப்பைக் கூடையிலிருந்து எடுத்துக் காட்டினார். ஒரு மில்லிக்கு 20 சொட்டு என்று அச்சடித்திருந்தது. 42 சொட்டு வைத்திருக்க வேண்டும். 31-இல் விட்டிருந்தால் நான்கு மணி நேர பாட்டில் ஐந்தரை மணி நேரம் வரை ஓடியிருக்கும். அந்த அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. டாக்டரிடம் சொல்லி, அவர் சொன்ன வேகத்தில் வைத்து, நடந்ததை அப்படியே சார்ட்டில் எழுதினோம். ஆனால் அந்தப் பெண் நடுங்கிப்போய் நின்றாள். "மேடம், கணக்கு சரிதானே" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

கணக்கு சரிதான். அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. நான் வகுப்பில் கொடுத்த ஒவ்வொரு கணக்கிலும் 'ட்ராப் ஃபேக்டர் 15', அதாவது ஒரு மில்லிக்கு 15 சொட்டு என்று நானே எழுதிக் கொடுத்திருந்தேன். அந்த எண் எங்கிருந்து வருகிறது, அதைத் தேடி உறையைப் புரட்ட வேண்டும் என்பதை நான் அவளுக்கு ஒருநாளும் கற்றுக்கொடுக்கவில்லை. துண்டுச்சீட்டில் நான் போட்ட டிக்கும் வகுப்பறையின் டிக்தான். நானும் உறையைப் பார்க்கவில்லை.

அதன்பின் நான் மாற்றியது பெரிய விஷயமெல்லாம் இல்லை. வார்டில் பயன்படுத்திய செட்டுகளின் காலி உறைகளைச் சேர்த்தேன். சாதாரண செட்டிலேயே 15 போட்டதும் உண்டு, 20 போட்டதும் உண்டு. குழந்தைகளுக்கான மைக்ரோ செட்டில் 60. கணக்குத்தாளில் ட்ராப் ஃபேக்டரை எழுதுவதை நிறுத்திவிட்டு, ஒவ்வொருத்தர் கையிலும் ஒரு உறையைக் கொடுத்து, "இந்தச் செட்டில் போடு" என்றேன். முதல் நாள் பத்துப் பேரில் நான்கு பேர்தான் உறையைப் பார்த்துப் போட்டார்கள். மற்ற ஆறு பேரும் பழக்கத்தில் 15-ஐப் போட்டார்கள். வார்டில் ரோலரைத் திறப்பதற்கு முன் மாணவி உறையில் உள்ள எண்ணை வாய்விட்டுப் படிக்க வேண்டும். ஜோடியாக நிற்கிற இன்னொருத்தி, முதல் சீட்டைப் பார்க்காமல் தனியாகக் கணக்குப் போட வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால்தான் திறக்கலாம். பாட்டிலில் நீளமாக பிளாஸ்டர் ஒட்டி ஒவ்வொரு மணிக்கும் எந்த அளவில் இருக்க வேண்டும் என்று கோடு போடுவோம். வேகம் தப்பாக இருந்தால் முதல் கோட்டிலேயே தெரிந்துவிடும். இரண்டு வாரம் கழித்து ஸ்கில்ஸ் லேபில், நிலையம் நிலையமாகப் போய்ச் செய்து காட்டுகிற ஆஸ்கி தேர்வில் இதையே ஒரு நிலையமாக வைத்தேன். ஐந்து நிமிடம், மேசையில் மூன்று வகைச் செட், ஒரு மருந்துச் சீட்டு. பத்தில் ஒன்பது பேர் சரியான செட்டைப் படித்துச் சரியாகப் போட்டார்கள்.

இதைத்தான் ஸ்டேட்மெண்டின் நடுப்பகுதியாக வைத்தேன். முதலில் தமிழில்தான் எழுதினேன். மேடத்திடம் போனில் சொல்வதுபோல எழுதிவிட்டு, அதன்பின் சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களாக மாற்றினேன். இலக்கணம் பார்க்க மட்டும் ஆங்கில ஆசிரியையாக இருக்கும் என் அண்ணியிடம் கொடுத்தேன். செலவு எதுவும் இல்லை, நேரம்தான், மாலை நேரங்களில் மூன்று வாரம். தொடக்க வரி இப்படி வந்தது: 'என் மாணவி ஒரு கணக்கைச் சரியாகப் போட்டு, ஒரு ட்ரிப்பைத் தவறான வேகத்தில் விட்டாள். அந்த இடைவெளியைக் குறைப்பதையே என் வேலையாக நினைக்கிறேன்.' நைட்டிங்கேல் வரவில்லை. கோட்பாடு ஒன்றே ஒன்று வைத்தேன், மில்லர் 1990-இல் சொன்ன பிரமிடு. தெரிந்திருப்பது, எப்படிச் செய்வது என்று தெரிந்திருப்பது, செய்து காட்டுவது, நிஜத்தில் செய்வது என்று நான்கு அடுக்கு. நான் கணக்குத்தாளை வைத்து இரண்டாவது அடுக்கில் அளந்துவிட்டு, நான்காவது அடுக்கில் மாணவியை நிறுத்தியிருந்தேன். ஆஸ்கி நிலையம் மூன்றாவது அடுக்கை நடுவில் கொண்டுவந்தது. கோட்பாடு இப்படி நடந்ததை விளக்கினால் வையுங்கள். பெயர் சொல்வதற்காக வைத்தால், என்னைக் கேட்டதுபோல உங்களையும் கேட்பார்கள்.

இன்னொரு பத்தி, தவறைத் திருத்துவது பற்றி. நான் மாணவியாக இருந்தபோது நோயாளி முன்னாலேயே ஒரு டியூட்டர் என்னைத் திட்டியிருக்கிறார். அன்று முழுக்க அந்த நோயாளி என்னை ஊசி போட விடவில்லை. நான் செய்த தவறு என்ன என்பது இன்று எனக்கு நினைவில் இல்லை, அவமானம்தான் நினைவிருக்கிறது. அதனால் என் குழுவில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். நோயாளிக்கு ஆபத்து என்றால் அவள் கையின்மேல் என் கையை வைத்து "நிறுத்து" என்று மட்டும் மெதுவாகச் சொல்வேன், மீதியை நானே செய்வேன். ஆபத்து இல்லை என்றால் கட்டிலருகில் ஒரு வார்த்தையும் பேச மாட்டேன், நோட்டில் குறித்துக்கொண்டு பிறகு தனியாகக் கேட்பேன். முதல் கேள்வி எப்போதும் "அந்த நேரத்தில் என்ன நினைத்துச் செய்தாய்?" என்பதுதான். ட்ரிப் விஷயத்தில் அந்தப் பெண்ணிடம் இதைக் கேட்டதால்தான் தவறு என் கணக்குத்தாளில் இருந்தது எனக்குத் தெரிந்தது. திட்டியிருந்தால் அவள் 'சாரி மேடம்' என்று சொல்லியிருப்பாள், நான் அதே தாளை அடுத்த பேட்சுக்கும் கொடுத்திருப்பேன். இதையும் அப்படியே எழுதினேன்.

எழுதத் தயங்கினது ஒன்று உண்டு. பத்தில் ஒன்பது என்பது ஒரே குழு, இரண்டு வாரத்துக்குள், நானே வைத்த தேர்வு. ஆறு மாதம் கழித்து அவர்கள் வேறு வார்டில் உறையைப் பார்த்தார்களா என்று நான் பார்க்கவில்லை. இதைச் சொன்னால் மதிப்புக் குறையுமோ என்று பயந்தேன். மேடம்தான் எழுதச் சொன்னார். கடைசிப் பத்தியில், லெக்சரராக வந்தால் அடுத்த செமஸ்டரின் வார்டுப் பயிற்சியிலும் முன்னறிவிப்பில்லாமல் இதைப் பார்த்துப் பதிவு செய்ய விரும்புகிறேன் என்று எழுதினேன். 'ஆராய்ச்சியில் ஆர்வம் உண்டு' என்று பொதுவாக எழுதுவதற்குப் பதில் அந்த இடத்தில் இது இருந்தது.

மாணவியின் பெயர், பேட்ச், எந்த மருத்துவமனை, எந்த வார்டு, நோயாளியின் வயது, என்ன அறுவைசிகிச்சை எதையும் எழுதாதீர்கள். என் முதல் வரைவில் வார்டும் மாதமும் இருந்தன. நேர்காணலில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அந்த ஊரில் யாரையாவது தெரிந்திருக்கும், அந்தப் பெண் யார் என்று கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. அவள் இன்னும் படித்துக்கொண்டிருந்தாள். அவளைக் கூப்பிட்டு, இப்படி எழுதப் போகிறேன், உனக்குச் சம்மதமா என்று கேட்டேன். ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "உறையைக் குப்பையிலிருந்து எடுத்ததையும் எழுதுங்க மேடம்" என்றாள். எழுதினேன்.

அடுத்த நேர்காணல் வேறு கல்லூரியில். ஒன்றரைப் பக்கம்தான் கொடுத்திருந்தேன். முக்கால் மணி நேரத்தில் ஏறக்குறைய அரை மணி நேரம் அந்த ட்ரிப்பைப் பற்றித்தான் பேசினோம். "பத்துப் பேருக்கு நீங்க ஒருத்தர். ஒரு ஜோடி ரோலரைத் திறக்கும்போது மத்த எட்டுப் பேர் என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டார்கள். ட்ரிப் போடுகிற நேரங்களை முதலிலேயே சிஸ்டரிடம் கேட்டு வரிசைப்படுத்திக்கொள்வேன், மற்றவர்கள் பி.பி., நாடி, உள்ளே போன திரவம் வெளியே போன திரவம் எழுதுவது என்று அவரவர் நோயாளியிடம் இருப்பார்கள், ஒரே நேரத்தில் இரண்டு ட்ரிப் வந்தால் ஒன்றை ஸ்டாஃப் நர்ஸ் போட என் மாணவி பக்கத்தில் நின்று பார்ப்பாள் என்றேன். எதையும் யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை, தினமும் செய்வதுதான். "உங்க முறை வேலை செய்யாத இடம் எது?" என்றும் கேட்டார்கள். இன்ஃப்யூஷன் பம்ப் இருக்கிற ஐ.சி.யூ.வில் சொட்டு எண்ண வேண்டியதில்லை, அங்கே தவறு எண்ணைத் தட்டுவதில் வரும், அதற்கு வேறு பயிற்சி வேண்டும், அதை நான் இன்னும் உருவாக்கவில்லை என்று சொன்னேன். பையில் மூன்று காலி உறைகளை எடுத்துப் போயிருந்தேன். ஒருவர் கேட்டு வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தச் சின்ன எழுத்தைத் தேடிப் படித்தார்.

வேலை கிடைத்தது. ஸ்டேட்மெண்டால்தான் கிடைத்தது என்று என்னால் சொல்ல முடியாது, டெமோ வகுப்பும் இருந்தது, அனுபவச் சான்றிதழும் இருந்தது. இப்போது என் வகுப்பில் அறுபது பேர். ஒவ்வொருத்தர் கையிலும் ஒரு உறை கொடுப்பது முடிகிறது, ஒவ்வொருத்தரிடமும் "என்ன நினைத்துச் செய்தாய்" என்று கேட்பது முடியவில்லை. இப்போதைக்கு ஆறு பேர் கொண்ட பத்துக் குழுவாகப் பிரித்து, தவறான விடையை எழுதியவரே குழுவுக்கு விளக்குகிற மாதிரி செய்து பார்க்கிறேன். இரண்டு குழுவில் நடக்கிறது, மற்றதில் பேசத் தயங்குகிறார்கள். ஸ்டேட்மெண்டின் அந்தப் பத்தியை மாற்றி எழுத வேண்டியிருக்கிறது. எந்த நாள், எந்தக் குழு, என்ன சொன்னார்கள் என்று நோட்டில் தேதி போட்டுக் குறித்துக்கொண்டு வருகிறேன்.